அடுத்த வெள்ளி என்றால் எந்த வெள்ளி?

"அடுத்த வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் போறோம், பட்டு எடுக்க. லீவு சொல்லி வச்சிடு." செவ்வாய்க்கிழமை அன்று அக்கா இப்படி ஒரு செய்தி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தம்பி அந்த வாரமே வரும் வெள்ளிக்கு லீவு போடுகிறான். அக்கா நினைத்ததோ அதற்கும் ஏழு நாள் கழித்து வரும் வெள்ளி. விஷயம் வெளியே வந்ததும் வாக்குவாதம் தொடங்குகிறது. "அடுத்ததுன்னா அடுத்து வர்றதுதானே?" என்கிறான் தம்பி. "அதைச் சொல்லணும்னா இந்த வெள்ளின்னு சொல்லியிருப்பேனே!" என்கிறாள் அக்கா.

இந்த மாதிரிப் பேச்சு பெரும்பாலும் யாருக்குச் சரியாகப் பேசத் தெரியவில்லை என்ற இடத்தில் போய் முடிகிறது. அது நியாயமே இல்லை. இரண்டு பேரும் சரியான தமிழைத்தான் பேசினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வீட்டிலும் இதே வழக்கு நடக்கிறது. அந்தத் தொடரை இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம், ஆனால் எந்தக் கணக்கு என்று சொல்லும் எதுவும் அதற்குள் கிடையாது. கோளாறு அங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டு கணக்கையும் புரிந்துகொண்டால், எந்த நாளில் எந்தச் சொல்லை நம்பலாம், எப்போது தேதியைப் போட்டே ஆக வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

## பஸ்ஸில் கேட்கும் "அடுத்த ஸ்டாப்"

டவுன் பஸ்ஸில் போகிறீர்கள். புது ஊர். கண்டக்டரிடம் இறங்க வேண்டிய இடத்தைக் கேட்கிறீர்கள். "அடுத்த ஸ்டாப்பில் இறங்குங்க" என்கிறார்.

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும்போது இதைச் சொன்னால் சிக்கல் இல்லை. நிற்கிற ஸ்டாப் "இது", இதற்குப் பிறகு வருவது "அடுத்தது". இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் வேகமாகப் போகும்போது சொன்னாலும் ஓரளவு புரியும். முதலில் எது வருகிறதோ அதில் இறங்கலாம். ஆனால் பஸ் வேகம் குறைந்து ஒரு ஸ்டாப்பை நெருங்கும் நேரத்தில் சொன்னால்? முன்னால் தெரிகிற நிழற்குடையா, அதற்கும் அப்பால் உள்ளதா? கண்டக்டருக்கு முன்னால் தெரிவது ஏற்கெனவே "இந்த ஸ்டாப்" ஆகிவிட்டது. உங்களுக்கு அது இன்னும் "அடுத்த ஸ்டாப்". அதனால்தான் உடனே "இதுவா, இதுக்கு அடுத்ததா?" என்று கேட்கிறோம்.

பஸ் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து "அடுத்த" என்பதன் பொருள் நகர்கிறது. கிழமைகளிலும் இதேதான் நடக்கிறது. வெள்ளி கிட்டே வர வர அதற்கு "இந்த" என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது, "அடுத்த" என்ற பெயர் அதைத் தாண்டியுள்ள வெள்ளிக்குப் போய்விடுகிறது. எந்த இடத்தில் அந்தப் பெயர் கைமாறுகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

## சொன்ன நேரத்தைச் சார்ந்த சொற்கள்

இன்று, நாளை, நேற்று, இந்த வாரம், அடுத்த மாதம், போன வெள்ளி ஆகியவற்றுக்குச் சொந்தமாக ஒரு தேதி கிடையாது. யார், எப்போது சொன்னார்கள் என்பது தெரிந்தால்தான் பொருள் கிடைக்கும். இப்படிப்பட்ட சொற்களுக்கு மொழியியலில் சுட்டு என்று பெயர். விரல் நீட்டிக் காட்டுவதைப் போன்ற சொல். விரல் எங்கே நீள்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதை நீட்டுகிற ஆள் எங்கே நிற்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சார்லஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதைப் பற்றி 1971-இல் ஆற்றிய உரைகளில் ஒரு நல்ல உதாரணம் சொன்னார். கடலில் ஒரு பாட்டில் மிதந்து வருகிறது. அதற்குள் ஒரு சீட்டு: நாளை நண்பகல் இவ்வளவு நீளக் குச்சியோடு என்னை இங்கே வந்து பார். எந்த நாளைக்கு மறுநாள், எந்த இடம், எவ்வளவு நீளம், யாரைப் பார்ப்பது, எதுவுமே தெரியாது. சீட்டில் உள்ள எல்லாச் சொல்லும் நமக்குத் தெரிந்த சொல்தான். எழுதிய ஆளும் இடமும் நேரமும் சீட்டோடு வந்து சேரவில்லை.

வாட்ஸ்அப்பில் இது தினமும் நடக்கிறது. "நாளை காலை 9 முதல் மாலை 5 வரை நம்ம ஏரியாவில் மின்தடை" என்று ஒருவர் திங்கட்கிழமை எழுதுகிறார். அதை இன்னொருவர் செவ்வாய் இரவு வேறு குழுவுக்கு அனுப்புகிறார். ஃபார்வர்டு செய்த செய்தியில் அது முதலில் எழுதப்பட்ட நாள் தெரியாது. வந்து சேர்ந்த நேரம் மட்டும்தான் தெரியும். புதன்கிழமை கரண்ட் போகும் என்று மாவு அரைத்து வைத்தவர்களுக்கு அன்று முழுக்க கரண்ட் இருக்கும். எழுதும்போது சரியாக இருந்த "நாளை", படிக்கும்போது தவறாகிவிட்டது.

ஆகவே இரண்டு நேரங்கள் இருக்கின்றன. ஒன்று எழுதிய நேரம், மற்றது படிக்கும் நேரம். நேரில் பேசும்போது இரண்டும் ஒன்று, அதனால் "நாளைக்கு வர்றேன்" என்பதில் ஒரு குறையும் இல்லை. எழுத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

## இரண்டு கணக்கு

இப்போது அக்கா, தம்பி விவகாரத்துக்கு வருவோம். கணக்குக்கு வசதியாக 2026 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதம் 1-ஆம் தேதி ஞாயிறு. வெள்ளிக்கிழமைகள் 6, 13, 20, 27. அக்கா செய்தி அனுப்பியது 3-ஆம் தேதி செவ்வாய்.

தம்பி போட்டது வரிசைக் கணக்கு. இன்றிலிருந்து முன்னால் ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டு போய், முதலில் எதிர்ப்படும் வெள்ளியைப் பிடிப்பது. 3-க்குப் பிறகு முதலில் வரும் வெள்ளி 6. ஆகவே அடுத்த வெள்ளி 6.

அக்கா போட்டது வாரக் கணக்கு. நாட்களை ஏழேழாகப் பிரித்து, நாம் இருக்கிற வாரத்துக்கு "இந்த வாரம்", அதற்குப் பிறகுள்ளதற்கு "அடுத்த வாரம்" என்று பெயர் வைப்பது. அடுத்த வெள்ளி என்றால் அடுத்த வாரத்தில் இருக்கும் வெள்ளி. 6-ஆம் தேதி இந்த வாரத்திலேயே இருப்பதால் அது "இந்த வெள்ளி". அடுத்த வெள்ளி 13.

இரண்டுமே நாம் எல்லோரும் பயன்படுத்தும் கணக்குகள். "அடுத்த பஸ் எப்போ?" என்று கேட்கும்போது நாமே வரிசைக் கணக்கில் இருக்கிறோம், முதலில் வருவதைத்தான் கேட்கிறோம். "அடுத்த மாசம் 5-ஆம் தேதி" என்னும்போது கட்டம் பிரித்த கணக்கில் இருக்கிறோம். மார்ச் 3-ஆம் தேதி இதைச் சொன்னால் யாரும் மார்ச் 5 என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஏப்ரல் 5 என்றே புரிந்துகொள்வார்கள். மாதத்துக்கு ஒரே கணக்கு பழகிவிட்டது. கிழமைக்கு இரண்டும் பழக்கத்தில் இருக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: "அடுத்த வெள்ளி" என்பது சொன்ன நாளைப் பொறுத்த சுட்டு. சொன்ன நாள் தெரிந்தாலும், வரிசைக் கணக்கில் ஒரு தேதியும் வாரக் கணக்கில் இன்னொரு தேதியும் வரக்கூடும்.

## எல்லா நாளும் குழப்பம் இல்லை

"வரக்கூடும்" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. சில நாட்களில் இரண்டு கணக்கும் ஒரே தேதியைத் தருகின்றன. இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் "எனக்கு இதுவரை குழப்பமே வந்ததில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த நாட்களில் பேசியவர்கள்தான்.

6-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அன்றே "அடுத்த வெள்ளி" என்றால் இரண்டு கணக்கிலும் 13. மறுநாள் சனிக்கிழமை சொன்னாலும் இரண்டிலும் 13. இங்கே சண்டைக்கு இடமில்லை.

5-ஆம் தேதி வியாழக்கிழமை சொன்னால் வரிசைக் கணக்கில் 6 வரும், ஆனால் யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. 6-ஐச் சொல்ல வேண்டுமானால் "நாளைக்கு" என்று சொல்லியிருப்பார். எளிய சொல் ஒன்று கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னால், அவர் குறிப்பது வேறு என்று கேட்பவர் தானாகவே ஊகித்துக்கொள்கிறார். புதன்கிழமைக்கும் இது பாதிக்குப் பாதி பொருந்தும், "நாளான்னிக்கு" என்ற சொல் இருப்பதால்.

அபாயம் அதிகமுள்ளவை திங்களும் செவ்வாயும். 6-ஆம் தேதி அவ்வளவு பக்கத்திலும் இல்லை, தூரத்திலும் இல்லை. பஸ் வேகம் குறைய ஆரம்பித்திருக்கிறது, இன்னும் நிற்கவில்லை. அக்காவின் செய்தி போனது செவ்வாய்க்கிழமை.

மிச்சமிருப்பது ஞாயிறு. அது தனிக் கதை. 8-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை "அடுத்த வெள்ளி" என்று ஒருவர் சொல்கிறார். வரிசைக் கணக்கில் 13. வாரக் கணக்கில்? ஞாயிறு வாரத்தின் முதல் நாளா, கடைசி நாளா என்பதைப் பொறுத்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் முதல் கட்டம் ஞாயிறு. பள்ளியில் கிழமைகளை ஒப்பிக்கும்போதும் ஞாயிறில்தான் தொடங்குகிறோம். அந்தக் கணக்குப்படி 8-ஆம் தேதியே புது வாரம் பிறந்துவிட்டது, 13 இந்த வாரத்து வெள்ளி, அடுத்த வெள்ளி 20. ஆனால் அலுவலகம் போகிறவர்களுக்கு வாரம் திங்களில் பிறக்கிறது. தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 8601-உம் திங்களையே வாரத்தின் முதல் நாளாகக் கொள்கிறது. அந்தக் கணக்கில் ஞாயிறு பழைய வாரத்தின் கடைசி நாள், அடுத்த வெள்ளி 13.

கிழமையே ஞாயிறாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். 4-ஆம் தேதி புதன்கிழமை "அடுத்த ஞாயிறு" என்று சொன்னால், ஞாயிறில் தொடங்கும் வாரக் கணக்கில் அது 8, திங்களில் தொடங்கும் கணக்கில் 15. வாரக் கணக்கை மட்டுமே நம்புகிற இரண்டு பேருக்குள்ளேயே ஒரு வாரம் வித்தியாசம். மாறாக அதே புதன்கிழமை "அடுத்த திங்கள்" என்று சொன்னால் எந்தக் கணக்கிலும் 9-தான். வாரத்தின் தொடக்கத்தில் உள்ள கிழமைகளுக்குக் குழப்பம் குறைவு, பின்பாதிக் கிழமைகளுக்கு அதிகம். கல்யாணம், காதுகுத்து, வீட்டுக் குடிபுகல் என்று நாம் தேதி பேசும் காரியங்கள் அதிகமும் வெள்ளியிலும் ஞாயிறிலும் வருவது வேறு.

## "வர்ற வெள்ளி" காப்பாற்றுமா?

பேச்சுத் தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல வழி இருக்கிறது. "வர்ற வெள்ளி" என்றால் முதலில் வரப்போகும் வெள்ளி என்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். தள்ளியுள்ளதைச் சொல்ல, "வர்ற வெள்ளி இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளி" என்போம். நீளமாக இருந்தாலும் அருமையான அமைப்பு இது. முதலில் இரண்டு பேருக்கும் சம்மதமான ஒரு நாளை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஒன்று எண்ணச் சொல்கிறது. நேரில் பேசும்போதும் போனில் பேசும்போதும் இதுவே போதும் என்பது என் கருத்து.

எழுத்தில் போதாது. "வர்ற" என்பதும் சுட்டுதான். செவ்வாய்க்கிழமை எழுதிய "வர்ற வெள்ளி"யைச் சனிக்கிழமை திறந்து படிப்பவருக்கு அது இன்னொரு வெள்ளி.

## வாரக் கடைசி எங்கே தொடங்குகிறது?

"இந்த வீக்கெண்ட் வீட்டுக்கு வாங்க" என்பதில் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. எந்த வாரம் என்பது முதல் சந்தேகம், அதன் இயல்பை மேலே பார்த்துவிட்டோம். இரண்டாவது, வாரக் கடைசி என்பது எந்தெந்த நாள்?

ஐ.டி. கம்பெனியில் இருப்பவருக்கு வெள்ளி சாயங்காலமே அது ஆரம்பம். பட்டறையிலும் கடையிலும் வேலை செய்பவருக்குச் சனிக்கிழமை முழு வேலை நாள், வாரக் கடைசி என்பது ஞாயிறு ஒன்றுதான். வங்கி ஊழியருக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை, மற்ற சனிக்கிழமைகளில் வேலை. அதாவது 2026 மார்ச் 7 அவருக்கு வேலை நாள், 14 விடுமுறை. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களைச் சேர்த்தால் இது இன்னும் விரிகிறது. சவூதி அரேபியாவில் 2013 வரை வியாழனும் வெள்ளியும் விடுமுறை, அதன்பின் வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு அமீரக அரசு 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறியது, வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை. ரியாத்தில் உள்ள மாமா "வீக்கெண்ட்ல கூப்பிடறேன்" என்று சொன்னால் அவருக்கு அது வெள்ளியாகவோ சனியாகவோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அவர் ஆபீசில் இருப்பார்.

இதற்கு மருந்து சின்னது. வாரக் கடைசி என்பதை விட்டுவிட்டு நாளைச் சொல்லுங்கள்: "14 சனி மதியம் சாப்பாட்டுக்கு வாங்க."

## ராத்திரி 12 மணி யாருடையது?

நாளே தெளிவாக இருந்தாலும் நள்ளிரவில் மறுபடி வழுக்குகிறது. நம் பேச்சில் ஒரு நாள் என்பது தூங்கி எழும்வரை நீள்கிறது. வெள்ளி இரவு ஒரு மணி என்று சொன்னால், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு வரும் ஒரு மணியைத்தான் நினைக்கிறோம். பஞ்சாங்கத்திலும் கிழமை மாறுவது சூரிய உதயத்தில். ரயில்வே கடிகாரத்துக்கோ 00:00 ஆனதும் சனிக்கிழமை.

டிக்கெட்டில் "7 மார்ச், 00:25" என்று இருக்கிறது. 7-ஆம் தேதி சனிக்கிழமை, ராத்திரி ரயில் என்று மனதில் பதிந்துவிட்டால், சனிக்கிழமை இரவு பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய் நிற்போம். ரயில் போய் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட்டில் உள்ளது சரிதான். அதை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லும்போதுதான் மாற்றிச் சொல்ல வேண்டும்: "6-ஆம் தேதி வெள்ளி ராத்திரி சாப்பிட்டுட்டு 11:30-க்கு ஸ்டேஷன்ல இருக்கணும். ரயில் 12:25-க்கு, அப்போ தேதி 7, சனி ஆகியிருக்கும்." கிளம்பும் நாளைச் சொன்னால் யாரும் தவறுவதில்லை.

கடைசித் தேதி அறிவிப்பவர்கள் "வெள்ளி நள்ளிரவு 12 மணி வரை" என்று எழுதாமல் "வெள்ளி இரவு 11:59 வரை" என்று எழுதுவதும் இதற்காகத்தான். வெள்ளிக்கு இரண்டு முனையிலும் நள்ளிரவு இருக்கிறது. 11:59 ஒன்றுதான்.

## வெள்ளிக்குள், வெள்ளி வரை, 60 நாள் முன்

"வெள்ளிக்குள்ள கொடுத்துடுங்க" என்றால் வெள்ளி சேருமா? கொடுப்பவர் வெள்ளி சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்று நினைப்பார். வாங்குபவர் வெள்ளி காலையில் கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பார். "வெள்ளி வரை லீவு" என்பதும் அப்படியே. கேள்வி ஒன்றுதான், ஓரத்தில் இருக்கும் நாள் உள்ளேயா வெளியேயா?

சட்டத்துக்கே இந்தக் கேள்வி வந்து, அதற்கு விடையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, மத்தியச் சட்டங்களில் ஒரு நாள் "முதல்" என்று வந்தால் அந்த முதல் நாளை விட்டுவிடலாம், "வரை" என்று வந்தால் கடைசி நாளைச் சேர்க்கலாம் என்கிறது. ஆனால் வீட்டிலும் கடையிலும் நாம் இப்படி எண்ணுவதில்லை. 16-ஆம் நாள் காரியத்துக்குப் பொதுவாக முதல் நாளையும் சேர்த்தே எண்ணுகிறோம்.

ரயில் முன்பதிவில் இந்த ஒரு நாள் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, பயண நாளைச் சேர்க்காமல். 2026 மார்ச் 6 பயணத்துக்குப் பின்னோக்கி எண்ணுவோம். மார்ச் 5 ஒன்று, மார்ச் 4 இரண்டு என்று போனால் மார்ச்சில் 5 நாள், பிப்ரவரியில் 28, ஜனவரியில் 27. 60-ஆவது நாள் ஜனவரி 5. பயண நாளையும் சேர்த்து எண்ணுகிறவர் ஜனவரி 6-ஆம் தேதி காலையில் உட்காருவார். பண்டிகைக் கூட்டம் உள்ள ரயிலாக இருந்தால் முதல் நாளே இடம் தீர்ந்திருக்கும்.

மூன்றுக்கும் ஒரே தீர்வுதான்: காலத்தின் நீளத்தைச் சொல்லாமல் முடியும் இடத்தைச் சொல்வது. "5 நாள் லீவு" என்பதைவிட "9-ஆம் தேதி திங்கள் காலை பள்ளி திறக்கும்" தெளிவானது. "வெள்ளிக்குள்" என்பதைவிட "6-ஆம் தேதி வெள்ளி மாலை 5 மணிக்கு முன்".

## கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து எழுதுங்கள்

குழப்பமில்லாமல் தேதி எழுத நாம் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. நம் கல்யாணப் பத்திரிகைகள் இதை வெகு காலமாகச் சரியாகச் செய்துவருகின்றன. தமிழ் மாதமும் நாளும், அடைப்புக்குள் ஆங்கிலத் தேதி, கிழமை, அப்புறம் "காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்". முந்தின நாள் மாலை வரவேற்பு என்றால் அதற்கும் தனியாகத் தேதியும் கிழமையும் இருக்கும். மாதக் கணக்கில் மேசையில் கிடந்தாலும் அதன் பொருள் மாறாது, ஏனென்றால் அதில் ஒரு சுட்டுகூட இல்லை. "9 மணிக்கு மேல், 10.30-க்குள்" என்பது இரண்டு ஓரத்தையும் கட்டிவிடுகிறது.

தேதியும் கிழமையும் சேர்ந்து வருவதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. ஒன்று தவறானால் மற்றது காட்டிக்கொடுக்கும். "6.3.2026 வெள்ளி" என்பதற்குப் பதில் கைதவறி "16.3.2026 வெள்ளி" என்று விழுந்துவிட்டால், காலண்டரைப் பார்ப்பவர் 16 திங்கள் ஆயிற்றே என்று உடனே போன் செய்வார். தேதி மட்டும் இருந்தால் 16-ஆம் தேதி சத்தமில்லாமல் வந்து நிற்பார். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. பிழை சரியாக ஏழின் மடங்காக இருந்தால் கிழமை மாறாது. லீப் வருடம் அல்லாதபோது பிப்ரவரிக்கு 28 நாள், ஆகவே பிப்ரவரியும் மார்ச்சும் கிழமையில் ஒன்றுபோலவே ஓடும். 2026 பிப்ரவரி 6-உம் வெள்ளி, மார்ச் 6-உம் வெள்ளி. இந்த இரண்டு மாதங்களிலும் மாத எண்ணைத் தவறாகப் போட்டால் கிழமை காப்பாற்றாது. அதனால் மாதத்தை எண்ணால் எழுதாமல் "மார்ச்" என்று பெயரால் எழுதுவது நல்லது.

மாதப் பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 06/03/2026 என்பதை நாம் மார்ச் 6 என்று படிக்கிறோம். அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவதால் அங்கே அது ஜூன் 3. நாள் 12-ஐத் தாண்டினால் பிரச்சினை தானே வெளிப்படும், 13-ஆவது மாதம் கிடையாது. 12-க்குள் இருந்தால் யாருக்கும் சந்தேகமே எழாது, அதுதான் ஆபத்து. கம்ப்யூட்டரில் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 2026-03-06 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் எந்த நாட்டிலும் ஒரே பொருள், கோப்புகளும் தேதி வரிசையில் நிற்கும்.

இப்போது அக்காவின் செய்தியைத் திருப்பி எழுதலாம்.

"மார்ச் 13 வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் போறோம், பட்டு எடுக்க. காலை 6 மணிக்கு வீட்டுல இருந்து கிளம்பணும், ராத்திரி 9-க்குள்ள திரும்பிடலாம். 13-க்கு மட்டும் லீவு சொல்லு."

பழைய செய்தியைவிடச் சில சொற்கள்தான் கூடுதல். பேச்சு நடையும் கெடவில்லை. இதை இன்னொரு குழுவுக்கு அனுப்பினாலும், நாலு நாள் கழித்துப் படித்தாலும், வாரத்தை ஞாயிறில் தொடங்குபவர் படித்தாலும் நாள் மாறாது.

எல்லா இடத்திலும் இப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "நாளைக்கு காபி சாப்பிடலாமா?" என்று நண்பருக்குக் கேட்பதில் தேதியைத் திணித்தால் அவர் பயந்துவிடுவார். உடனே படித்து உடனே பதில் வரும் பேச்சில் சுட்டே வசதி. தவறினால் பணமோ, லீவோ, இன்னொருவரின் பயணமோ வீணாகும் என்றால் தேதி வேண்டும். செய்தி ஒருவரைத் தாண்டிப் போகும் என்றாலும் வேண்டும்.

## எழுதியவர் நீங்கள் இல்லை என்றால்

வரும் செய்திகளை எல்லாம் நாம் திருத்தி எழுத முடியாது. தம்பியின் இடத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்? "எந்த வெள்ளி?" என்று கேட்பது அவ்வளவாகப் பயன் தராது. "அடுத்த வெள்ளிதான்டா, சொன்னேனே" என்று அதே சொல் திரும்பி வரும். "இந்த வெள்ளியா, அடுத்த வெள்ளியா?" என்பதும் அதே குழப்பத்துக்குள் இன்னொரு தடவை போவதுதான்.

பதிலிலேயே தேதியைப் போட்டுவிடுவது நல்லது. "சரிக்கா, 6-ஆம் தேதி வெள்ளிக்கு லீவு போடுறேன்." அவள் நினைத்தது 6 என்றால் ஒரு கட்டைவிரல் வரும். 13 என்றால், "டேய், 6 இல்ல, 13" என்று அடுத்த நிமிடம் போன் வரும்.